ருசிக்கக் கொடுத்த சாமையும் திரும்பி வரும் காசும்

சாமை அரிசியை வாங்கத் தயங்குபவருக்கு உள்ள சந்தேகம் ஒன்றல்ல, மூன்று. சாப்பிட நன்றாக இருக்குமா என்பது முதலாவது. வீட்டு அடுப்பில் பக்குவமாக வருமா என்பது இரண்டாவது. கல்லும் காறல் வாடையும் இல்லாத சுத்தமான சரக்கா என்பது மூன்றாவது. கடை வாசலில் ஒரு கரண்டிச் சாமைப் பொங்கலைக் கையில் கொடுத்தால் முதல் சந்தேகம் மட்டுமே தீரும். மற்ற இரண்டும் வாங்குபவரோடு வீடு வரை போகும். ருசி பார்த்துத் தலையாட்டியவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் நகர்வதற்கும், வாங்கியவர்களில் பலர் இரண்டாம் முறை வராமல் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இலவச மாதிரியைத் திட்டமிடுவது என்றால், எந்தச் சந்தேகத்துக்கு எந்த மாதிரி, அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம், போட்ட காசு திரும்பியதா என்று எப்படி அறிவது ஆகிய கேள்விகளுக்கு விடை காண்பதுதான்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்தக் கேள்விகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. குண்டனி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என நாடுகளாகப் பிரிந்த இந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு பயிரிட்டு வந்தார்கள். பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று சாமையிலேயே பல ரகங்கள் உண்டு. சமவெளியில் சேகோ ஆலைகள் பெருகியதும் மரவள்ளி பணப்பயிராக மலையேறியது. சிறுதானிய நிலம் சுருங்கியது. சாமையின் உமியை நீக்குவது கடும் உழைப்பு என்பதும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே பணியாற்றி, உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. சுய உதவிக் குழுக்கள் மூலம் சாமை அரிசி, ரவை, மாவு, மால்ட் போன்றவற்றைப் பாக்கெட் போட்டு விற்கவும் வழி செய்தது. இந்த முயற்சியைப் பற்றிக் குரூயெர், நாகராஜன், கிங் ஆகிய மூவர் எழுதிய ஆய்வு 2009இல் ‘ஃபுட் பாலிசி’ இதழில் வெளிவந்தது. அதிகம் பயன்பாட்டில் இல்லாத பயிர்களுக்குச் சந்தை உருவாக்குவதில் கூட்டுச் செயல்பாட்டுக்கு உள்ள பங்கை அது ஆராய்கிறது. தனி விவசாயி ஒருவரால் தூக்க முடியாத செலவு எது என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது. மாதிரி கொடுப்பது அப்படிப்பட்ட செலவுகளில் ஒன்று.

ஒரு நாள் கணக்கு

பின்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. எந்தக் குழுவும் தன் விலையையும் செலவையும் இவற்றின் இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

குண்டனி நாட்டு மகளிர் குழு ஒன்று வாரம் ஒரு நாள் நாமக்கல்லில் கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். அரை கிலோ சாமை அரிசிப் பாக்கெட்டின் விலை 75 ரூபாய். தானியம், உமி நீக்கும் கூலி, மலையிலிருந்து இறக்கும் செலவு சேர்த்து 45 ரூபாய்; பையும் ஸ்டிக்கரும் 5 ரூபாய். ஆக ஒரு பாக்கெட் விற்றால் கையில் நிற்பது 25 ரூபாய். மாதிரிக்கான எல்லாச் செலவும் இந்த 25 ரூபாயிலிருந்துதான் வர வேண்டும், 75 ரூபாயிலிருந்து அல்ல. விற்பனைத் தொகையைப் பார்த்து மாதிரிக்கு ஒதுக்குகிற குழுக்கள் நட்டப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கிலோ சாமை வெந்தால் தண்ணீரைச் சேர்த்து மூன்று கிலோவுக்குக் குறையாமல் வரும். இருபது கிராம் கரண்டியில் அளந்தால் 150 பேருக்குக் கொடுக்கலாம். சாமைக்கு 90 ரூபாய். பருப்பு, நெய், மிளகு, முந்திரிக்கு 150 ரூபாய். தொன்னைக்கும் எரிவாயுவுக்கும் 60 ரூபாய். மொத்தம் 300 ரூபாய், தலைக்கு இரண்டு ரூபாய். இத்தோடு நிறுத்தினால் மிகவும் மலிவாகத் தோன்றும். ஆனால் கிளறவும் அள்ளிக் கொடுக்கவும் பதில் சொல்லவும் ஓர் ஆள் நாள் முழுக்க நிற்கிறார். அவர் குழு உறுப்பினராக இருந்தாலும் அந்த நாளுக்குக் கூலி உண்டு. 500 ரூபாய் என்று வைப்போம். அப்போது மொத்தச் செலவு 800 ரூபாய், ஒரு கரண்டி ஐந்து ரூபாய்க்கும் மேல்.

மாதிரி கொடுத்த அன்று 30 பாக்கெட் விற்றது. முப்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் 750 ரூபாய். ஏறக்குறைய போட்டது வந்துவிட்டது என்று குழு மகிழலாம். ஆனால் மாதிரி கொடுக்காத வாரங்களிலும் சராசரியாகப் பத்து பாக்கெட் விற்கத்தான் செய்கிறது. ஆகவே மாதிரியால் வந்தது இருபது பாக்கெட். அதன் மிச்சம் 500 ரூபாய். அன்றைய நட்டம் 300.

இன்னொரு கழிவும் உண்டு. கூடுதலாக விற்ற இருபதில் ஐந்தைப் பழைய வாடிக்கையாளர்கள் வாங்கியிருக்கலாம். பொங்கலைச் சாப்பிட்ட உற்சாகத்தில் அடுத்த வாரம் வாங்க வேண்டியதை இன்றே வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அடுத்த வாரம் விற்பனை பத்திலிருந்து ஐந்தாகக் குறையும்போது இது தெரியவரும். அப்படியானால் உண்மையில் புதிதாக வந்தது 15 பாக்கெட், 375 ரூபாய். நட்டம் 425 ஆகிறது.

பாவா, ஷூமேக்கர் ஆகிய ஆய்வாளர்கள் 2004இல் ‘மார்க்கெட்டிங் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இலவச மாதிரியின் விளைவை மூன்றாகப் பிரிக்கிறது. எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர் முன்கூட்டியே வாங்குவது ஒன்று. காசு கொடுத்து வாங்க வேண்டியதன் இடத்தை இலவசப் பொருள் பிடித்துக்கொள்வது மற்றொன்று. மாதிரி இல்லாவிட்டால் வாங்கியே இருக்காதவர் வாங்குவது மூன்றாவது. கடைசியாகச் சொன்னதில்தான் ஆதாயம் இருக்கிறது. மாதிரியின் விளைவு கொடுத்துப் பன்னிரண்டு மாதங்கள் கழித்தும் விற்பனையில் தெரியக்கூடும் என்பது அவர்கள் கண்டது. தள்ளுபடிச் சீட்டுக்கு அப்படிப்பட்ட நீண்ட விளைவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. மாதிரியின் லாபநட்டத்தை அன்று மாலைக் கல்லாவில் தேடக் கூடாது என்பதற்கு இது போதுமான ஆதாரம்.

குழுவின் 425 ரூபாய் நட்டத்துக்குத் திரும்புவோம். புதிதாக வாங்கியவர்களில் ஒருவர் மாதம் ஒரு பாக்கெட் வீதம் ஆறு மாதம் வாங்கினால் அவரால் 150 ரூபாய் வரும். மூன்று பேர் அப்படி நின்றால் 450, நட்டம் அடைபடும். இரண்டு பேர்தான் நின்றார்கள் என்றால் அடைபடாது. புதிய பதினைந்து பேரில் மூவர், அதாவது ஐந்தில் ஒருவர், மீண்டும் வருகிறாரா என்பதில்தான் முழுத் திட்டமும் தொங்குகிறது. எத்தனை பேர் ருசி பார்த்தார்கள் என்பதைவிட இந்த ஒரு விகிதத்தைக் குறித்து வைப்பது முக்கியம்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கரண்டியைச் சிறிதாக்குவார்கள், அல்லது நெய்யைக் குறைப்பார்கள். மேற்கண்ட கணக்கில் பொருள்செலவு 300, ஆள்செலவு 500. கரண்டியைப் பாதியாக்கினாலும் மிச்சமாவது நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். அதற்குள் ருசி நாக்கில் பதியாமல் போய்விடும். நேரத்தைச் சுருக்குவதே பலன் தரும். கூட்டம் அடர்ந்து வரும் இரண்டு மணி நேரம் மட்டும் நூறு கரண்டி கொடுத்தால் பொருளுக்கு 200 ரூபாய், அந்த நேரத்துக்கான கூலி 150 ரூபாய் என்று 350 ரூபாயில் முடியும். அதில் 15 பாக்கெட் கூடுதலாக விற்றால் அன்றே செலவு மீண்டுவிடும். சூட்டோடு கொடுப்பதற்கும் இந்த இரண்டு மணி நேர வரம்பு உதவும். சமைத்த பொங்கல் ஆறிய பிறகு வெயிலில் நீண்ட நேரம் இருந்தால் ருசி மட்டுமல்ல, பாதுகாப்பும் போய்விடும்.

கரண்டியால் தீராத சந்தேகம்

சாமையின் உண்மையான தடை சமையலறையில் இருக்கிறது. நெல்லரிசிக்குப் பழகிய கை அதே அளவு தண்ணீரும் அதே அளவு விசிலும் வைக்கும். சாமை குழைந்துவிடும், அல்லது அடியில் பிடிக்கும். ஒரு முறை குழைந்தால் பாக்கெட் அலமாரியின் பின்பக்கம் போய்விடும். உமி நீக்கிய சாமையில் தவிட்டின் எண்ணெய்ப் பசை மீந்திருப்பதால் மாதக்கணக்கில் கிடக்கும் பாக்கெட்டில் காறல் வாடை ஏறும். அதைத் திறந்து பார்க்கும் வீட்டார் சரக்கே கெட்டது என்று முடிவு செய்வார்கள். கடையில் பொங்கலைப் பாராட்டியவரை இப்படி இழக்கிறார்கள். ஏன் இழந்தோம் என்பது கடைக்குத் தெரிவதும் இல்லை.

இந்தச் சந்தேகத்துக்கு ஏற்ற மாதிரி, ஒரு வேளைக்குரிய நூறு கிராம் பாக்கெட். இரண்டு பேர் உப்புமாவாகவோ சோறாகவோ சாப்பிட அது போதும். பாக்கெட்டின் பின்புறம் ஒரே ஒரு சமையல் முறை, பெரிய எழுத்தில்: அரித்துக் கழுவி, பத்து நிமிடம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, தணலைக் குறைத்து மூடி வேகவிடுதல். ஐந்து பலகாரங்களின் பட்டியல் கொடுத்தால் எதையும் செய்யமாட்டார்கள். அளவு சொல்லாமல் ‘தேவையான தண்ணீர்’ என்று எழுதினால் மாதிரி கொடுத்ததன் நோக்கமே கெட்டுவிடும். அந்த ஒரு சமையல் கடையில் ருசி பார்த்த அதே பதார்த்தமாக இருப்பது நல்லது. அப்போதுதான் நாக்கு நினைவில் வைத்திருப்பதை வீட்டு அடுப்பில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நெய்யும் முந்திரியும் மிதக்கும் பொங்கலைக் கடையில் கொடுத்துவிட்டு, வெறும் சாமைச் சோற்றை வீட்டில் சமைக்கச் சொன்னால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தப் பாக்கெட்டை இலவசமாகக் கொடுக்கலாமா? தானியம் 9 ரூபாய், பையும் ஸ்டிக்கரும் 4 ரூபாய் என்று அதன் அடக்கம் 13 ரூபாய். நாற்பது பேருக்குச் சும்மா கொடுத்தால் 520 ரூபாய். எட்டுப் பேர் திரும்பி வந்து அரை கிலோ வாங்கினால் 200 ரூபாய் மீளும். 320 ரூபாய் துண்டு விழும். அதை அடைக்க அந்த எட்டுப் பேர் தங்களுக்குள் இன்னும் பதின்மூன்று பாக்கெட் வாங்க வேண்டும். அது நடக்கலாம். ஆனால் இலவசம் என்று எழுதி வைத்தால் கை நீட்டுபவர் நாற்பதோடு நிற்கமாட்டார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கடை தீர்மானிக்க முடியாது. சிறுதானியத்தில் அக்கறையே இல்லாதவரும் கும்பலோடு வாங்கிச் செல்வார்.

அதே பாக்கெட்டுக்கு 15 ரூபாய் விலை வைத்து, ஒரு மாதத்துக்குள் காலிப் பையைக் கொண்டு வந்தால் அரை கிலோ பாக்கெட்டில் பத்து ரூபாய் தள்ளுபடி என்று அறிவிக்கலாம். நாற்பது விற்றால் 80 ரூபாய் மிச்சம். எட்டுப் பேர் காலிப் பையோடு வந்தால், தள்ளுபடி போக ஆளுக்கு 15 ரூபாய் வீதம் 120 ரூபாய். யாருமே திரும்பாவிட்டாலும் கடைக்கு நட்டமில்லை. வாங்குபவருக்கு ஐந்து ரூபாய்க்கு ஒரு வேளைச் சோதனை கிடைக்கிறது. காலிப் பை அடையாளமாகவும் பயன்படுகிறது: சமைத்துப் பார்த்தவர் யார், எந்த வாரம் வாங்கியவர் என்பதெல்லாம் அதில் போட்ட முத்திரையிலிருந்து தெரிந்துவிடும்.

விலை பூஜ்யமாவதற்கும் சொற்பமாவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு தொகை காட்டுவதைவிடப் பெரியது. ஷாம்பானியே, மஸார், ஏரியலி ஆகியோர் 2007இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில் உயர்ரகச் சாக்லேட்டை 15 சென்ட்டுக்கும் சாதாரணச் சாக்லேட்டை ஒரு சென்ட்டுக்கும் வைத்தபோது வாங்கியவர்களில் 73 விழுக்காட்டினர் உயர்ரகத்தை எடுத்தனர். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்துச் சாதாரணச் சாக்லேட்டை இலவசமாக்கியதும் 69 விழுக்காட்டினர் அதன் பக்கம் போனார்கள். விலை வித்தியாசம் மாறவில்லை. இலவசம் என்ற ஒன்றே தேர்வைத் திருப்பியது. மாதிரிக்கு வரும் கூட்டத்தை விருப்பத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இலவசமாகக் கொடுத்தால் மக்கள் பிறகு காசு கொடுக்கவே மாட்டார்கள் என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. இது எப்போதும் உண்மையல்ல. கென்யாவில் கொசுவலைகளை வைத்து பாஸ்கலீன் டூபா செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வலையை மிகக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ பெற்றவர்கள் பிறகு விலை கொடுத்து வாங்கத் தயங்கிவிடவில்லை. பயன்படுத்திப் பார்த்த அனுபவம் அவர்களை வாங்கும் பக்கமே தள்ளியது. இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. பயன்படுத்தினால் மட்டுமே பலன் புரிகிற பொருளை, கட்டாயம் பயன்படுத்தக்கூடிய வீட்டுக்கு இலவசமாகக் கொடுப்பது வீணாகாது. யார் பயன்படுத்துவார் என்று தெரியாத சந்தைக் கூட்டத்தில் கொடுப்பதுதான் வீணாகும். எனவே ஏற்கெனவே கேழ்வரகு மாவு வாங்கும் வாடிக்கையாளரின் பையில் நூறு கிராம் சாமையை இலவசமாக வைப்பது நியாயமான செலவு. அவர் மறு வாரம் வருவார் என்பதும் தெரிந்ததே. வழிப்போக்கருக்கு 15 ரூபாய் பாக்கெட்.

யாருக்கு, எங்கே

கொல்லிமலைக்கு வருபவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறார்கள். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் இன்னும் பெருகும். ருசி பார்க்க ஆயத்தமான இவ்வளவு பேர் மலையில் வேறெப்போதும் கிடைப்பதில்லை. ஆனாலும் மேலே கண்ட கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு மாதிரி கொடுப்பது பெரும்பாலும் நட்டத்தில் முடியும். சாமைப் பாக்கெட்டின் லாபம் இரண்டாம், மூன்றாம் வாங்கலில் இருக்கிறது. திருச்சியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்தவர் அரை கிலோ சாமைக்காக மறுபடி மலையேறமாட்டார். கூரியரில் அனுப்பினால் அரை கிலோவுக்கு ஆகும் கட்டணமே 25 ரூபாயை விழுங்கிவிடும். குறைந்தது ஐந்து கிலோ சேர்ந்தால்தான் அனுப்ப முடியும் என்று வைத்து, அருகிலுள்ள வீடுகளைச் சேர்த்து ஆர்டர் கொடுக்கச் சொன்னால் ஓரளவு சரிவரும். அதற்குத் தயாரில்லாத குழு, சுற்றுலாப் பயணிகளுக்கு மாதிரி கொடுக்காமல் நேராக ஒரு கிலோப் பாக்கெட்டை விற்பதே மேல். மலையில் இருக்கும்போது மலைப்பொருளை வாங்கிச் செல்லும் மனநிலை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மாதிரிக்கு ஒதுக்கிய பணம் சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் போன்ற ஊர்களில், வாராவாரம் அதே தெருவில் அதே இடத்தில் நிற்கும் கடைக்குப் போக வேண்டும்.

மாதிரியை எத்தனை பொருளுக்குக் கொடுப்பது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். மலைக்கடையில் சாமை, தினை, தேன், மிளகு, காப்பித்தூள் எல்லாம் இருக்கும்; எல்லாவற்றிலும் கொஞ்சம் கொடுத்தால்தான் சிறப்பு என்று தோன்றும். ஐயங்கார், லெப்பர் ஆகியோர் கலிஃபோர்னியாக் கடை ஒன்றில் ஜாம் ருசி பார்க்கும் மேசை போட்டு நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. 24 வகை வைத்தபோது கடந்து சென்றவர்களில் 60 விழுக்காட்டினர் நின்றார்கள். நின்றவர்களில் வாங்கியவர் 3 விழுக்காடு. ஆறு வகை வைத்தபோது 40 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். ஆனால் அவர்களில் 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். பிறகு ஐம்பது பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் மறு ஆய்வு, இந்த விளைவு எல்லா இடத்திலும் இல்லை, சராசரி ஏறக்குறைய பூஜ்யம் என்றது. ஆகவே ஜாம் ஆய்வைச் சட்டமாகக் கொள்ள முடியாது. என்றாலும் சிறு கடைக்கு ஒரே பொருளை முன்னிறுத்த வேறு காரணம் உண்டு: மாதிரி கொடுத்ததன் பலனை அளக்க வேண்டுமானால் எதைக் கொடுத்ததால் எது விற்றது என்று பிரித்தறிய முடிய வேண்டும்.

ஒவ்வொரு பொருளின் சந்தேகமும் வேறு என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தேன் இனிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பாகு கலந்ததா என்பதே கேள்வி. நாக்கில் வைக்கும் ஒரு சொட்டு அதற்குப் பதில் சொல்லாது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற வாக்கும், பரிசோதனைச் சான்றும், எந்த ஊரில் எந்த மாதம் எடுத்த தேன் என்ற விவரமும்தான் அங்கே மாதிரியின் வேலையைச் செய்யும். மிளகைப் பொங்கலில் போட்டுக் கொடுத்தாலே போதும். தனி மாதிரி வேண்டியதில்லை.

கொடுத்ததை அளத்தல்

ருசி பார்த்தவர் எதிரில் நிற்கும் பெண்ணின் முகத்துக்காக ஒரு பாக்கெட் வாங்குவது வழக்கம். அன்றைய விற்பனை அதனால் கூடித் தெரியும். அந்த வாங்கல் பெரும்பாலும் ஒன்றோடு முடியும். இதனால்தான் அளவை அன்றோடு நிறுத்த முடியாது. எட்டு வாரங்களை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் மாதிரி, மறு வாரம் மாதிரி இல்லை என்று மாற்றி மாற்றிச் செய்வதே எளிய வழி. கடையின் இடம், நாள், நேரம், விலை எதுவும் மாறக் கூடாது. சம்பள வாரமும் பண்டிகை வாரமும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். இரண்டு வகை வாரங்களின் சராசரி வித்தியாசமே மாதிரியால் வந்த விற்பனை. மாதிரி வாரத்துக்கு அடுத்த வாரம் தொடர்ந்து சரிந்தால், பழைய வாடிக்கையாளர் முன்கூட்டி வாங்குகிறார் என்று கொள்ள வேண்டும். காலிப் பைகளின் எண்ணிக்கையும், பெயர் இல்லாமல் கட்டம் போட்டுக் குறிக்கும் ‘முதல் முறை, மறுமுறை’ என்ற இரண்டே பத்தி கொண்ட நோட்டும் மீதி விவரத்தைத் தந்துவிடும்.

பலன் குறைவாக இருந்தால் காரணம் எங்கே என்றும் இதிலிருந்து தெரியும். கரண்டி கொடுத்த அன்று விற்பனையே கூடவில்லை என்றால் பதார்த்தத்திலோ விலையிலோ கோளாறு. சிறு பாக்கெட் விற்கிறது, காலிப் பை வரவில்லை என்றால் சமையல் குறிப்பிலோ சரக்கிலோ கோளாறு. அப்போது அரித்துப் பார்க்க வேண்டியது கல்லைத்தான். சாமை மணிக்கும் சிறு மணற்கல்லுக்கும் அளவில் அதிக வித்தியாசம் இல்லாததால் சலித்த பின்னும் கல் நின்றுவிடும். பல்லில் கல் கடித்த வீடு திரும்பி வராது. மாதிரிக்கென்று கையால் பொறுக்கிய சுத்தமான சாமையை வைத்துவிட்டுப் பாக்கெட்டில் சாதாரணச் சரக்கைப் போடுவது இந்த இழப்பை உறுதிசெய்யும். மாதிரியும் விற்பனைச் சரக்கும் ஒரே மூட்டையிலிருந்து வர வேண்டும்.

வரி பதிவு செய்துள்ள குழு இன்னொரு செலவையும் சேர்க்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)ஆம் பிரிவு, இலவச மாதிரியாகக் கொடுத்த பொருளுக்குச் செலுத்திய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற அனுமதிப்பதில்லை. பைக்கும் ஸ்டிக்கருக்கும் கட்டிய வரி அந்த அளவுக்குக் குழுவின் செலவாகவே நிற்கும். விலை வைத்து விற்ற சிறு பாக்கெட் மாதிரி அல்ல, விற்பனை.

செலவை யார் ஏற்பது

குண்டனி நாட்டுக் குழு கொடுத்த பொங்கலை ருசித்தவர், வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடையில் வேறு ஊர்ச் சாமையைப் பத்து ரூபாய் குறைவாக வாங்கலாம். மாதிரிச் செலவு இவர்களுடையது, விற்பனை இன்னொருவருடையது. சாமை என்ற தானியத்தையே அறிமுகப்படுத்தும் மாதிரிக்கு இந்த ஒழுக்கு எப்போதும் உண்டு.

இந்தியாவில் தேநீர் பரவிய வரலாறு இதற்கு ஒரு விடை தந்தது. 1903இல் தேயிலை வரிச் சட்டம் வந்தது; ஏற்றுமதித் தேயிலைக்கு விதித்த சிறு வரியிலிருந்து பிரச்சாரத்துக்குப் பணம் திரண்டது. 1930களில் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியத்தின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று, தேநீர் போடும் முறையைக் காட்டி இலவசக் கோப்பை கொடுத்தார்கள். படிப்படியாகப் போடும் முறையைப் பல மொழிகளில் விளக்கும் விளம்பரத் தகடுகள் ரயில் நிலையங்களில் தொங்கின. பெரிய டப்பா வாங்க முடியாதவர்களுக்காகப் பைசாப் பொட்டலங்களில் தேயிலை கடைகளுக்கு வந்தது. ருசியும் செய்முறையும் இலவசம், சிறு பொட்டலத்துக்கு விலை என்ற ஏற்பாடு அன்றே இருந்தது. எந்தக் கம்பெனியின் தேயிலையை மக்கள் குடித்தாலும் பலன் தேயிலைத் துறைக்கே என்பதால், இலவசக் கோப்பையின் செலவைத் துறை முழுவதும் பகிர்ந்துகொண்டது.

மலைக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும். சாமைப் பொங்கல், சமையல் விளக்கம் போன்ற பொது அறிமுகத்தைக் குழுக்களின் கூட்டமைப்போ, அரசுத் துறையோ, கண்காட்சி நடத்துபவரோ ஏற்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல் நடந்ததுபோன்ற விழாக்கள் அதற்குரிய இடம். தனிக் குழு தன் கைக்காசைப் போட்டு அங்கே பொங்கல் கொடுப்பது தகாது. குழுவின் சொந்தப் பணம், வேறு எவரிடமும் கிடைக்காததை அறிமுகப்படுத்தவே செலவாக வேண்டும். ‘சாமை’ என்று மட்டும் எழுதிய பாக்கெட்டை மளிகைக் கடை வெல்லும். மல்லியச்சாமை என்று ரகத்தின் பெயரும், விளைந்த நாட்டின் பெயரும், உமி நீக்கிய தேதியும் போட்ட பாக்கெட்டை ருசித்தவர் அதைத் தேடி அதே கடைக்கு வர வேண்டியிருக்கும். உமி நீக்கிய தேதி இங்கே வெறும் அலங்காரம் அல்ல. காறல் வாடை பற்றிய மூன்றாவது சந்தேகத்துக்கு அதுதான் பதில்.

உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் விற்கும்போது கணக்கு மாறுகிறது. அங்கே ஒரே வாடிக்கையாளர் மாதம் ஐம்பது கிலோ வாங்கக்கூடும். ஐந்து கிலோவை அடக்க விலைக்குக் கொடுத்து, குழுவில் நன்றாகச் சமைப்பவர் ஒருவர் அங்கே போய் ஒரு நாள் சரக்கு மாஸ்டருடன் நின்று சமைத்துக் காட்டுவது நியாயமான முதலீடு. மாதிரி என்ற பெயரில் வாரம் வாரம் இலவசமாகக் கேட்பதும், முதல் மூட்டையைக் கடனில் கேட்பதும் இந்த வழியின் ஆபத்துகள். சோதனைச் சரக்கு ஒரு முறைதான், அதற்கும் ரொக்கம் என்று முன்பே பேசிவிட வேண்டும்.

எந்தத் தெருவிலும் மாதிரிக்கு ஆயுள் உண்டு. முதல் நான்கு வாரங்களில் ருசி பார்ப்பவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள். பிறகு அதே முகங்கள் வரத் தொடங்கும். நோட்டில் ‘முதல் முறை’ப் பத்தி மெலிந்து ‘மறுமுறை’ப் பத்தி நிறையும். மாதிரி வாரத்துக்கும் சாதாரண வாரத்துக்கும் உள்ள விற்பனை வித்தியாசத்தை 25 ரூபாயால் பெருக்கி, அதோடு புதியவர்களில் நிலைக்கக்கூடியவர்களின் ஆறு மாத மிச்சத்தைக் கூட்டினால் வரும் தொகை, அந்த நாளின் மாதிரிச் செலவுக்குக் கீழே போனதும் அந்தத் தெருவில் கரண்டியை நிறுத்திவிட்டு, 15 ரூபாய் பாக்கெட்டை மட்டும் கல்லாவின் அருகில் வைத்திருக்கலாம். பொங்கல் பாத்திரம் அடுத்த ஊருக்குப் போகலாம்.